கல்லீரல் சுருக்க நோயாளியின் உளறல்: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

வயிற்று நோய் வார்டுக்கு மாற்றலாகி வரும் புதிய ஸ்டாஃப் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, நேத்து நல்லாப் பேசினவரு இன்னைக்கு ஏன் இப்படி உளறுறாரு?" பதில் பெரும்பாலும் கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் திருப்பிப் பார்க்காத அட்டவணையில் இருக்கும். எத்தனை தடவை மலம் போனது, எடை எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு. இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். பல வருடங்களில் பலரிடம் பார்த்ததை ஒருவராகச் சேர்த்திருக்கிறேன். வயது 54, ஆட்டோ ஓட்டுபவர். நீண்ட நாள் குடியால் கல்லீரல் சுருங்கியது, குடியை விட்டு எட்டு மாதம். மாதாமாதம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருவார். ஒரு திங்கட்கிழமை மாலை அவருடைய மனைவியும் தம்பியும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள்.

மூளைக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு

நாம் சாப்பிடும் புரதத்தைச் செரிக்கும்போதும், குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மிச்சத்தைச் சிதைக்கும்போதும் அம்மோனியா உண்டாகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகும். நல்ல கல்லீரல் அந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றும், சிறுநீரகம் அதை வெளியேற்றும்.

சுருங்கிய கல்லீரலில் இரண்டு கோளாறு. மாற்றும் செல்கள் குறைந்துவிட்டன. அதோடு, தழும்பேறி இறுகிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, பக்கவாட்டில் புதுப் பாதைகள் திறந்துகொள்கின்றன. உணவுக்குழாயில் புடைத்து நிற்கும் சிரைகள் அப்படித் திறந்தவைதான். குடல் ரத்தத்தில் ஒரு பங்கு கல்லீரலைத் தொடாமலே உடம்புக்குள் போய்விடுகிறது. அம்மோனியா மூளைக்குள் போனதும் அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை குளூட்டமினாக மாற்றித் தமக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீரை இழுத்து வீங்குகின்றன. வெளியே தெரியும் உளறலும் தூக்கக் குளறுபடியும் அதன் விளைவு. இதைத்தான் ஹெப்பாட்டிக் என்செபலோபதி என்கிறோம்.

இன்னும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவில் ஒரு பகுதியைத் தசை வாங்கிக்கொள்கிறது. மாறாக, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே கூடுதலாக அம்மோனியா உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது.

வந்தவுடன் கேட்கவும் பார்க்கவும் வேண்டியவை

நோயாளியிடம் கேட்பதற்கு முன் கூட வந்தவரிடம் கேளுங்கள். நோயாளிக்குத் தான் மாறிவிட்டது தெரியாது. நம் ஆளின் மனைவி சொன்னது: "நாலு நாளா ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு நடக்கிறாரு சிஸ்டர், பகல்ல எழுப்ப எழுப்பத் தூங்குறாரு. நேத்து சட்டையை உள்பக்கம் வெளியா மாட்டிக்கிட்டு கோபமா நிக்கிறாரு. இன்னைக்குக் காலையில சமையல் கட்டு மூலையில ஒண்ணுக்குப் போயிட்டாரு." இரவு பகல் மாறிப்போவது பல பேரிடம் முதல் அறிகுறி. "வயசாச்சு, தூக்கம் வரலை" என்று வீட்டில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து, அதனாலேயே நினைவிழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே தூக்க மாத்திரை, இருமல் சிரப், வலி மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து, கடைசியாக எப்போது மலம் போனது? நம் ஆளுக்கு மூன்று நாளாக இல்லை. ஏன் என்று கேட்டால் கதை வெளியே வந்தது. உறவில் கல்யாணம். பஸ்ஸில் ஆறு மணி நேரப் பயணம். வழியில் போக இடமிருக்காது என்று, மலம் இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டில் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய். வயிறும் காலும் வீங்கியதும், "நீர் மாத்திரை" ஒன்றுக்கு இரண்டாகத் தானே போட்டுக்கொண்டார். மருந்தை விட்டது, உப்பு ஏறியது, நீர் மாத்திரை கூடியது. இந்த மூன்றும் சேர்ந்து வருவது எங்கள் வார்டில் அத்தனை சகஜம்.

கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் விரல் நுனியில் சர்க்கரை. கல்லீரல் பழுதானவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும், அதுவும் இதே உளறலைத்தான் தரும். நம் ஆளுக்கு 112, சரி. பிறகு காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. மலம் கருப்பாகத் தார் போலப் போனதா என்று கேட்க வேண்டும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தமும் குடலுக்குப் புரதம்தான், அதிலிருந்தும் அம்மோனியா வரும். தலையில் அடிபட்ட தடயம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவர்களுக்குத் தட்டணுக்கள் குறைவு, விழுந்தால் மூளையில் ரத்தம் கசியும். ஒரு கை மட்டும் வலுவிழந்திருந்தாலோ கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ அதை அம்மோனியாக் கணக்கில் சேர்க்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எந்த நிலை என்று எப்படிச் சொல்வது

வெஸ்ட் ஹேவன் அளவுகோலில் நான்கு படி. முதல் படி மேலுக்குத் தெரியாது. கவனம் சிதறும், தூக்கம் மாறும், காரணமில்லாமல் சிரிப்போ பதற்றமோ இருக்கும், கூட்டல் கழித்தலில் தடுமாறுவார். இரண்டில் நாள் கிழமை தெரியாது, மந்தமாக இருப்பார், பொருந்தாத காரியம் செய்வார், கை உதறும். மூன்றில் அரைத் தூக்கம். தட்டினால் கண் திறப்பார், இடம் ஆள் எதுவும் தெரியாது. நான்கில் எதற்கும் அசையாத கோமா.

கை உதறலைச் சரியாகப் பார்க்கப் பழகுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொல்லுங்கள். குறைந்தது அரை நிமிடம் பாருங்கள். பறவை இறக்கை அடித்தாற்போல் கை சட்டென்று விழுந்து மீண்டும் எழும். அதுதான் நாங்கள் "ஃப்ளாப்" என்று சொல்வது. ஐந்து விநாடி பார்த்துவிட்டு "ஃப்ளாப் இல்லை" என்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கை நீட்டும் அளவுக்கு நினைவில்லாதவரிடம் உங்கள் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், பிடி விட்டு விட்டு வரும். நான்காம் படியில் உதறல் இருக்காது. அது நின்றுபோனதை நல்ல செய்தி என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் படியைப் பிடிக்க எனக்குப் பிடித்த வழி, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்கிறார் என்று எண்ணுவது. பத்துக்குக் கீழே வந்தால் சந்தேகப்படுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது பொருந்தும். எழுதத் தெரிந்தவரைத் தினமும் ஒரே தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், திங்களன்று கோணியதும் வியாழனன்று நேரானதும் கண்ணுக்கே தெரியும்.

நம் ஆள் கிழமையைக் கேட்டால் வியாழன் என்றார், தன் பெயரும் மனைவி பெயரும் சரியாகச் சொன்னார், ஃப்ளாப் தெளிவாக இருந்தது. இரண்டாம் படி. கேஸ் ஷீட்டில் வெறுமனே "குழப்பமாக உள்ளார்" என்று எழுதாதீர்கள். "கிழமை தெரியவில்லை, ஆள் தெரிகிறது, ஃப்ளாப் உண்டு, கூப்பிட்டால் கண் திறக்கிறார்" என்று எழுதினால்தான் இரவு டியூட்டிக்கு வருபவர் ஒப்பிட முடியும்.

ரத்த அம்மோனியா அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனை செய்தால் எண் வரும், ஆனால் அந்த எண்ணுக்கும் உளறலின் அளவுக்கும் ஒத்துப்போகாது. எண் இயல்பாக இருந்தும் ஒருவர் உளறினால் வேறு காரணம் தேடலாம், அந்த வகையில் அது உதவும். தினமும் எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

லாக்டுலோஸ் கொடுக்கும் முறை

லாக்டுலோஸ் ஒரு சர்க்கரை, ஆனால் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். குடலுக்குள் அமிலம் ஏறியதும் அம்மோனியா அம்மோனியமாக மாறி, ரத்தத்துக்குள் திரும்ப முடியாமல் மலத்தோடு சிக்கிக்கொள்ளும். பிறகு அது பேதியாகி வெளியேறும். 1966ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இந்த நோய்க்கு இதைப் பயன்படுத்தியதை வெளியிட்டார்கள். இன்றும் முதல் மருந்து இதுதான். அடிக்கடி திரும்பி வரும் உளறலுக்கு ரிஃபாக்சிமின் 550 மி.கி. மாத்திரையை இருவேளை சேர்ப்பார்கள்.

வார்டில் கிடைக்கும் சிரப்பில் 15 மி.லி.யில் 10 கிராம் இருக்கும். நம் ஆளுக்கு எழுதிய ஆர்டர், மலம் போகும்வரை இரண்டு மணிக்கு ஒருமுறை 30 மி.லி., பிறகு தினம் மூன்று வேளை. வாயில் ஊற்றுமுன் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இருமல் வந்தாலோ வாயிலேயே தேங்கினாலோ கொடுக்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு வாய் வழியே இனிப்புப் பாகை ஊற்றுவது நுரையீரலுக்குள் ஊற்றுவதற்குச் சமம். அத்தகையவருக்கு டாக்டர் மூக்குக் குழாய் போடச் சொல்வார், அல்லது எனிமா. எனிமாவுக்கு 300 மி.லி. லாக்டுலோஸுடன் 700 மி.லி. தண்ணீர் கலந்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பைக் கொஞ்சம் உயர்த்தி, மெதுவாக ஏற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் உள்ளே நிற்க வைக்க வேண்டும். உடனே வெளியே வந்துவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று கணக்கிட்டு, அதையும் எழுதுங்கள்.

இலக்கு ஒன்றுதான்: ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, இளக்கமான மலம். தண்ணீர்ப் பேதி இலக்கு அல்ல. ஆர்டரில் மி.லி. எழுதியிருந்தாலும் உண்மையான அளவுகோல் மலத்தின் எண்ணிக்கைதான். எண்ணிக்கை குறைந்தாலும் கூடினாலும் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும். வயிறு உப்பலும் வாயுவும் முதல் சில நாள் இருக்கும். இனிப்பு பிடிக்காதவருக்கு எலுமிச்சை ஜூஸிலோ தண்ணீரிலோ கலந்து கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிக்கும் கொடுக்கலாம், ஆனால் சிரப்பில் வேறு சர்க்கரைகளும் கொஞ்சம் கலந்திருக்கும், விரல் நுனிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

திங்கள் இரவு மூன்றாவது வேளைக்குப் பிறகு நன்றாக மலம் போனது. செவ்வாய் மூன்று தடவை. அன்று மாலை கிழமையைச் சரியாகச் சொன்னார், ஃப்ளாப் லேசாக இருந்தது. வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்ததில் கிருமித் தொற்று இல்லை. ஒரு கன மி.மீ.க்கு நியூட்ரோஃபில் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று கொள்வார்கள், இவருக்கு அதற்கு மிகவும் கீழே. பொட்டாசியம் 3.1 ஆக இருந்ததை ஏற்றினோம். எல்லோரும் நிம்மதியானோம்.

புதன்கிழமை இரவு நடந்தது

மறுபடி மந்தம். மனைவி பதறி, "சிஸ்டர், பழையபடி ஆயிட்டாரு, அந்த மருந்தை இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். புது ஸ்டாஃப் தம்பி ஒருவர் 30 மி.லி.யைக் கப்பில் ஊற்றியும்விட்டார். ஊற்றுவதற்கு முன் அட்டவணையைத் திருப்பினால் அங்கே பதில் எழுதியிருந்தது. மலம் ஏழு தடவை, எல்லாம் தண்ணீராக. சிறுநீர் 24 மணி நேரத்தில் 450 மி.லி. எடை திங்களன்று 66 கிலோ, புதன் காலை 62.6. நாடி 108, ரத்த அழுத்தம் 92/58. நாக்கு வறண்டிருந்தது.

மருந்து குறைவால் வந்த உளறல் இல்லை இது. மருந்து மிஞ்சியதால் வந்தது. பேதியில் தண்ணீரும் பொட்டாசியமும் போய்விட்டன. பொட்டாசியம் இறங்கியதும் சிறுநீரகம் அம்மோனியாவைக் கூட்டிக் கொடுக்கிறது, நீர் வற்றியதால் சிறுநீரகமே சோர்கிறது. அறிகுறி மட்டும் திங்களன்று பார்த்ததே: அதே மந்தம், அதே ஃப்ளாப். ஆளை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. மலச்சிக்கலால் வந்ததா பேதியால் வந்ததா என்பதை அட்டவணைதான் சொல்லும். இந்த வார்டில் கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏன் ஏழு தடவை? கட்டிலுக்கு அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்னொரு பாட்டில் இருந்தது. நாங்கள் மூன்று வேளை கொடுக்க, நோயாளியின் தம்பியும் மூன்று வேளை கொடுத்திருக்கிறார், அண்ணன் சீக்கிரம் தெளியட்டும் என்று. அவரைத் திட்டிப் பயனில்லை, இலக்கை நாங்கள் சொல்லித் தரவில்லை. அட்மிஷன் அன்றே வீட்டு மருந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வதை அதற்குப் பிறகு நான் விட்டதில்லை.

அன்றிரவு செய்தது இவ்வளவு. கப்பில் ஊற்றியதை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டோம். காய்ச்சல், கருப்பு மலம், சர்க்கரை மூன்றையும் மறுபடி பார்த்தோம், மூன்றும் சரி. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, கிரியாட்டினின் 1.1லிருந்து 1.7. லாக்டுலோஸும் நீர் மாத்திரையும் நிறுத்தப்பட்டன. சிரை வழி ஆல்புமினும் பொட்டாசியமும் ஏறின. மணிக்கு ஒருமுறை சிறுநீர், ரத்த அழுத்தம், நினைவு நிலை. வியாழன் மாலை கண்ணைத் திறந்து டீ கேட்டார். பேதி அடங்கியதும் லாக்டுலோஸை 15 மி.லி. இருவேளையாகத் திரும்பத் தொடங்கினோம்.

நீர்க் கணக்கு

வயிற்றில் நீர் கட்டுவது தண்ணீர் அதிகம் குடித்ததால் என்று நோயாளிகள் நம்புகிறார்கள், சில ஸ்டாஃபும்கூட. போர்ட்டல் அழுத்தமும் குறைந்த ஆல்புமினும் நீரை வயிற்றறைக்குள் கசிய வைக்கின்றன. ரத்தக் குழாய்களில் நீர் குறைந்ததாக நினைத்துச் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. ஆகவே முதலில் கட்டுப்படுத்த வேண்டியது உப்பு. குடிநீரைக் குறைப்பது பெரும்பாலும் சோடியம் 125க்குக் கீழே போனால்தான், அதுவும் டாக்டர் சொன்னால். எல்லோருக்கும் "ஒரு லிட்டர்தான்" என்று பலகை எழுதி மாட்டினால் லாக்டுலோஸ் குடிப்பவரை வற்ற வைத்துவிடுவோம்.

எடையைத் தினமும் ஒரே நேரத்தில், காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே எடை இயந்திரத்தில், அதே அளவு துணியோடு எடுக்க வேண்டும். வயிற்றுச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில், படுக்க வைத்து, மூச்சு விட்டபின் அளக்க வேண்டும். டேப் வைக்கும் இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு டியூட்டியும் வேறு எண் எழுதும். இரண்டில் எடையைத்தான் நான் நம்புவேன். வாயுவால் உப்பினாலும் சுற்றளவு கூடிவிடும்.

நீர் மாத்திரையில் எடை எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கால் வீக்கமும் இருந்தால் நாளைக்கு ஒரு கிலோ வரை. கால் வீக்கம் இல்லாமல் வயிற்று நீர் மட்டும் என்றால் அரை கிலோ. வயிற்றறையிலிருந்து நீர் மெதுவாகத்தான் ரத்தத்துக்குத் திரும்பும், அதற்கு மேல் வேகமாக இறங்கினால் அது ரத்தக் குழாயிலிருந்து போகிறது. நம் ஆள் இரண்டு நாளில் 3.4 கிலோ இறங்கினார். புதன் காலையே யாராவது அந்த எண்ணைக் கண்டு டாக்டரிடம் சொல்லியிருந்தால் புதன் இரவு வந்திருக்காது. எழுதிவைத்தோம், படிக்கவில்லை.

ஊசி போட்டு நீர் வடிக்கும் நாளில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்றுவது வழக்கம். 20 சதவீத ஆல்புமின் 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம் இருக்கும், எட்டு லிட்டர் எடுத்தால் மூன்று பாட்டில் ஆகும். வடித்த பின் ரத்த அழுத்தம், நாடி, சிறுநீர், ஊசி போட்ட இடத்தில் கசிவு ஆகியவற்றைத் தொடர்ந்து பாருங்கள்.

வலி என்று கேட்டால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது. சிறுநீரகத்தை அடிக்கும், நீர் மாத்திரையையும் செயலிழக்க வைக்கும். இரவில் அலைகிறார் என்று மயக்க ஊசிக்கு ஆர்டர் கேட்காதீர்கள். கட்டில் கம்பிகளை ஏற்றி, வெளிச்சம் வைத்து, வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சாப்பாடு

பழைய பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இன்னமும் "பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், கஞ்சி மட்டும்" என்கிறார்கள். அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது, ஆகவே புரதத்தை நிறுத்து என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புரதம் கிடைக்காத உடம்பு தன் தசையையே உடைக்கும். அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும் தசை கரைந்தால் நிலைமை மோசமாகும். 2004ல் பார்சிலோனா மருத்துவர்கள் உளறலோடு சேர்ந்த நோயாளிகளில் ஒரு பிரிவுக்குப் புரதத்தைக் குறைத்தும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான அளவும் கொடுத்துப் பார்த்தார்கள். உளறல் தெளிவதில் வித்தியாசமில்லை, குறைத்தவர்களுக்குத் தசைச் சிதைவுதான் கூடியது.

இப்போது பின்பற்றும் அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், சுமார் 35 கலோரி. எந்த எடைக்கு என்பதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். வயிற்று நீரைச் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. நம் ஆள் 62 கிலோ, நடுத்தர அளவு நீர். அதற்குப் பத்து சதவீதம் கழித்தால் சுமார் 56. புரதம் 67 முதல் 84 கிராம், கலோரி இரண்டாயிரத்தை ஒட்டி.

அவருடைய மனைவியோடு உட்கார்ந்து போட்ட ஒரு நாள் சாப்பாடு இப்படி வந்தது. எழுந்ததும் 200 மி.லி. பாலில் 6 கிராம். காலை நாலு இட்லி, சாம்பார், 12. பதினோரு மணிக்கு 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக, 10. மதியம் சோறு, பருப்பு, ஒரு முட்டை, தயிர், 22. மாலை டீயும் ஒரு கை பொட்டுக்கடலையும், 7. இரவு மூன்று சப்பாத்தி, பருப்புக் கூட்டு, 13. படுக்கப் போகும்போது பாலில் ஊறவைத்த அவலும் கொஞ்சம் வெல்லமும், அதில் 6க்கு மேல். கூட்டினால் 76. பாலும் பயறும் இறைச்சியைவிட இவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். பயறின் நார் மலத்தையும் இளக்கும். மீன் கேட்டால் மறுக்க மாட்டேன், வயிறு நிறையச் சாப்பிடுவது முக்கியம்.

படுக்கும் நேரத்து அவலை மட்டும் விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். பழுதான கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. இரவு எட்டுக்குச் சாப்பிட்டுக் காலை எட்டுக்கு இட்லி என்றால், அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். படுக்குமுன் 50 கிராம் அளவு மாவுச்சத்து அதைத் தடுக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் வெல்லத்தை விட்டுவிடலாம், அவலை விடக் கூடாது. ஸ்கேனுக்கு, எண்டோஸ்கோப்பிக்கு என்று காலையிலிருந்து பட்டினி போடும் நாட்களில், இவர்களை முதல் ஆளாக அனுப்பச் சொல்லிக் கேட்பது நம் வேலை.

உப்பு நாளைக்கு ஐந்து கிராம், ஒரு மட்டமான டீஸ்பூனை ஒட்டிய அளவு. "உப்பைக் குறைங்க" என்றால் வீட்டில் ஒன்றும் நடக்காது. காலையில் ஒரு சின்ன டப்பாவில் முக்கால் ஸ்பூன் உப்பு எடுத்து வைத்து, அவர் சாப்பாட்டுக்கு நாள் முழுக்க அதிலிருந்து மட்டும் போடச் சொன்னேன். இட்லி மாவில் உள்ளதும் கணக்கில் சேரட்டும் என்றுதான் முக்கால். ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, கடை மிக்ஸர் இந்த டப்பாவில் அடங்காதவை, அவற்றுக்கு இடமில்லை. உப்பே இல்லாமல் கொடுத்தாலும் தட்டை ஒதுக்கிவிடுவார், அதுவும் நஷ்டம். மளிகைக் கடையில் "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்து, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இளநீரையும் டாக்டரைக் கேட்காமல் தினசரி ஆக்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

எட்டாம் நாள் காலை எடை 61.8, மலம் இரண்டு தடவை, ஃப்ளாப் இல்லை, மிருகங்கள் பதினாறு சொன்னார், அதில் "எங்க வீட்டு மாமியார்" என்று ஒன்றைச் சேர்த்து மனைவியிடம் அடி வாங்கினார்.

ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன்: தேதி, எடை, மலம். மனைவியிடம் சொன்னது: மலம் இரண்டுக்குக் கீழே போனால் லாக்டுலோஸ் ஒரு வேளை கூடுதல், நாலைத் தாண்டினால் ஒரு வேளை நிறுத்தம், இதற்கு டாக்டர் அனுமதி எழுதியிருக்கிறார். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ போன் செய்ய வேண்டும், நீர் மாத்திரையைத் தானாக மாற்றக் கூடாது. காய்ச்சல், வயிற்று வலி, கருப்பு மலம், ரத்த வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வண்டி ஏற வேண்டும். உளறல் வந்து போனவர், தெளிந்துவிட்டதாகத் தெரிந்தாலும், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது. இது அவருக்குப் பிழைப்பு, எனவே இதைத்தான் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது.

கடைசியாக அவரே கேட்டார்: "அடுத்த மாசம் இன்னொரு கல்யாணம் இருக்கு சிஸ்டர், மறுபடி பஸ்ஸு. என்ன செய்யறது?" புறப்படும் நாள் காலை வேளையை விடியற்காலை நாலு மணிக்கே குடித்துவிட்டு, போய்வந்த பிறகு பஸ் ஏறச் சொன்னேன். மதிய வேளையை ஊர் போய்ச் சேர்ந்ததும் குடிக்கலாம். வேளை தள்ளிப்போகலாம், விட்டுப்போகக் கூடாது. அவர் தம்பி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.